வசந்தாமணி போட்ட எட்டு நாள் முறை

என் மனைவி வசந்தாமணி எட்டாவது வரைதான் படித்தவள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். சொல்வது பொய்யாக இருந்தாலாவது சண்டை போடலாம். உண்மை என்பதால் சண்டையும் போட முடியாது. சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில் என்னைக் காட்டி, "அந்தக் காலத்துலயே டில்லிப் பரீட்சை எழுதி இன்கம்டாக்ஸ் ஆபீசர் ஆனவருங்க" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே குரலைத் தணித்து, "அந்தம்மா அவ்வளவாப் படிக்கலீங்க, பாவம்" என்பார்கள். அவள் போன தை மாதம் காலமானாள். துக்கம் கேட்க வந்த இடத்திலும் ஒரு புண்ணியவான் அதையே சொல்லிவிட்டுப் போனான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூர். காவிரி வாய்க்கால் பாய்கிற நிலம். வெற்றிலைக் கொடிக்கால், கரும்பு, வாழை. என் அப்பா அப்புசாமிக்கு வெள்ளாமையைத் தவிர வேறு பேச்சு இல்லை. வசந்தாமணி என் மாமன் மகள். அவள் அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெற்றிலை மண்டி. மண்டிக்கு மேலே இருந்த மாடியறையில் வளர்ந்து, அங்கிருந்தே பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். எட்டாவது முடித்ததும் நிறுத்திவிட்டார்கள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. நாற்பத்தைந்தாம் வருஷம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. நான் திருச்சியில் சரித்திரம் எடுத்து பி.ஏ. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த வேகத்தில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வாய்க்கால் தண்ணீர் எங்கள் பங்குக்கு எட்டு நாளைக்கு ஒரு தரம் வரும். அதற்கு முறை என்று பெயர். அந்த எட்டாம் நாளில் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, யாருக்குப் பிறகு யார் மடை திறப்பது என்பதையெல்லாம் அப்பா மனசிலேயே வைத்திருப்பார். வயசு ஏற ஏற மறந்து, மடையில் நின்று பங்காளிகளோடு சண்டை போடுவார். வசந்தாமணி ஒருநாள் நெல் குதிர் அறைச் சுவரில் கரிக்கட்டியால் கோடு கிழித்து முறை முழுவதையும் எழுதி வைத்தாள். அன்றோடு சண்டை நின்றது. "மருமவ நல்ல காரியம் பண்ணுனா" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். என்னைப் பற்றி அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது.

நாற்பத்தேழில் நான் முதல் தடவை பரீட்சை எழுதினேன். ஐ.சி.எஸ். போய் ஐ.ஏ.எஸ். வந்திருந்த சமயம். ஐ.ஏ.எஸ்ஸுக்கும் இன்கம்டாக்ஸ், கணக்கு, கஸ்டம்ஸ் போன்ற மத்திய உத்தியோகங்களுக்கும் சேர்த்து ஒரே பரீட்சை. ஆங்கிலக் கட்டுரை, பொது ஆங்கிலம், பொது அறிவு, இந்த மூன்று தாளும் எல்லோரும் எழுத வேண்டும். அதற்கு மேல் விருப்பப் பாடங்கள். சரித்திரம் என் உயிர். மொகலாயர்களை நாலு தரம் படித்தேன். ஐந்தாம் தரமும் அக்பரிடமிருந்தே தொடங்கினேன். மார்க் பட்டியல் தபாலில் வந்தது. சரித்திரத்தில் மார்க் கொட்டிக் கிடந்தது. பொது அறிவில் நூற்றைம்பதுக்கு முப்பத்தொன்பது. ஊத்தி மூடியாயிற்று.

வயது வரம்பு இருபத்துநாலு. எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் மிச்சம். அப்பா கொடிக்காலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "இன்னொருக்கா எழுதிப் பாரு சாமி. அதுலயும் போச்சுன்னா பேசாம மம்பட்டியைத் தூக்கிக்க. ரண்டுங்கெட்டானா ஊட்டுல உக்காந்துட்டு இருக்க வேண்டாம்."

எனக்கு வெள்ளாமை ஒத்துவராது. மண்ணைக் கேவலமாக நினைத்துச் சொல்லவில்லை. நான் வைத்த அகத்திக்குச்சிகூடத் துளிர்த்ததில்லை. அந்தத் தடவை தவறியிருந்தால் என் ஆயுசு முழுக்க என் அப்பா நிலத்தில் உதவாக்கரையாக நின்றிருப்பேன். அது எனக்குத் தெரியும், வசந்தாமணிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "பழைய கேள்வித்தாளு வெச்சிருக்கறீங்களா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். "இது எங்க இருக்கும்? பொஸ்தகத்துலயா, பேப்பர்லயா?" என்று கேட்டுக் கேட்டு, கேள்விக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். புத்தகத்திலேயே முழுசாகக் கிடைக்கிற கேள்விகள் கொஞ்சம். பேப்பரில் மட்டும் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம். மீதியெல்லாம் ரெண்டும் தெரிந்தால்தான் எழுத முடியும். ஒரு நதியில் அணை கட்டப்போகிறார்கள் என்பது பேப்பர். அந்த நதி எங்கே பிறந்து எங்கே போகிறது, வெள்ளம் ஏன் வருகிறது என்பது புத்தகம். கேள்வி ரெண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறது.

"நீங்க பேப்பரு தனியா, பொஸ்தகம் தனியாப் படிச்சிருக்கறீங்க. அவங்க ரண்டையும் ஒண்ணாக் கேக்கறாங்க" என்றாள்.

ஆனர்ஸ் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்த ஒருவரும் இதைச் சொல்லவில்லை. அதற்காக நான் நன்றியா சொன்னேன்? "எட்டாங்கிளாஸ் படிச்சவ எனக்குப் பாடஞ் சொல்ல வந்துட்டா" என்று கத்திவிட்டு வாய்க்கால் கரைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது குதிர் அறைச் சுவரில், தண்ணீர் முறைக்குப் பக்கத்தில், புதிதாகக் கோடு கிழித்து எட்டுக் கட்டம் போட்டிருந்தாள்.

அந்தச் சுவர் இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. எட்டு நாள் ஒரு சுற்று. முதல் ஆறு நாளும் காலை வேளை விருப்பப் பாடத்துக்கு. தலை தெளிவாக இருக்கும்போது கடினமானது. முற்பகலில், பேப்பர் சேதி மாதிரி இல்லாமல், நாளுக்கு நாள் மாறாத பாடங்கள்: பூகோளம், நாட்டின் ஆட்சிமுறை, பொருளாதாரம், அன்றாட விஞ்ஞானம் ஆகியவற்றில் சுற்றுக்கு ஒன்று. ஒரு பாடத்துக்கு ஒரே புத்தகம், ரெண்டாவது புத்தகம் வாங்கவே கூடாது. ஏழாம் நாள் வாசிப்பு கிடையாது. படித்ததை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் எழுத வேண்டும். எட்டாம் நாள் அதற்கு முந்தைய சுற்றில் படித்ததைத் திரும்பப் புரட்ட வேண்டும். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கையில் புதிதாக எதையும் தொடக்கூடாது. படித்ததையே சுருக்கிச் சுருக்கிப் பார்க்க வேண்டும். முதல் தடவை ஆறு நாள் எடுத்த பாடம் கடைசியில் ஒரே நாளில் புரள வேண்டும் என்று கணக்கு.

எட்டுக் கட்டத்துக்கும் அடியில் நீளமாக ஒரே ஒரு கட்டம் போட்டிருந்தாள். அதில் "பேப்பர், தினமும் ஒரு மணி" என்று இருந்தது.

"இதுக்கு மட்டும் ஏன் முறை கிடையாது?" என்று கேட்டேன்.

"கரும்புக்கு எட்டு நாளைக்கு ஒருக்கா பாச்சினாப் போதுமுங்க. வெத்தலைக்குத் தெனமுங் கொஞ்சம் தெளிக்கோணும். எட்டு நாளுத் தண்ணிய ஒரே நாள்ல ஊத்துனாக் கொடி அழுகிப்போயிருமுங்க" என்றாள்.

மெட்ராஸ் இங்கிலீஷ் பேப்பர் எங்களுக்கு மறுநாள் மத்தியானம்தான் கிடைக்கும். நாமக்கல்லிலிருந்து வருகிற, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ் பின்னால் அடுப்பு புகைய, இருமிக்கொண்டே வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் முகமெல்லாம் கறுத்திருக்கும். அந்தப் புகை வாடையையும் அப்போதுதான் பறித்துக் கட்டிய வெற்றிலை வாடையையும் சேர்த்து முகர்ந்தால் எனக்கு இந்த எழுபது வயசிலும் பேப்பர் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். எவ்வளவு நல்ல நாட்கள்! அப்போது எனக்கு அது தெரியவில்லை.

பேப்பர் நோட்டுக்கும் அவள் சட்டம் வைத்திருந்தாள். தேதி வாரியாக எழுதக்கூடாது, பாடவாரியாக எழுத வேண்டும். ஒவ்வொரு சேதிக்கும் மூன்று வரி. என்ன நடந்தது, இதன் வேர் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, இதில் என்ன கேள்வி கேட்பான். அரசியல் சட்ட நகல் வெளியானபோது அது ஆட்சிமுறைப் பக்கத்தில் ஏறியது. கூடவே வெள்ளைக்காரன் போட்ட முப்பத்தைந்தாம் வருஷ ஆட்சிச் சட்டம் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்ற எண்ணும் ஏறியது. சேதியை வைத்துப் புத்தகத்தைத் திறப்பேன், புத்தகத்தை வைத்துச் சேதி புரியும். இரண்டு வாரத்தில் எனக்கே ருசி கண்டுவிட்டது.

ருசி கண்ட கையோடு நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். எங்கள் பக்கம் அமாவாசைக்கு ஏர் பூட்ட மாட்டார்கள். மாட்டுக்கும் ஆளுக்கும் ஓய்வு. சின்ன வயசிலிருந்தே மீந்துபோன சில்லறை வேலையையெல்லாம், கயிறு திரிப்பது, கலப்பை செதுக்குவது எல்லாம், அமாவாசைக்கு ஒதுக்கிப் பழகிய வீடு. எனக்கும் அதே புத்தி. வைகாசி மாதம் சரித்திரம் சூடு பிடித்தபோது, பேப்பருக்கு ஒரு மணி நேரம் கொடுக்க மனசு வரவில்லை. அமாவாசைக்கு மொத்தமாக உட்கார்ந்து படித்துவிடலாம் என்று மடித்து மடித்து மச்சில் ஏற்றினேன். சுவரில் அந்த நீளக் கட்டத்தில் மட்டும் தினமும் டிக் போட்டேன். முதல் அமாவாசை வந்தது. முப்பது பேப்பரை விரித்தால் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்றே புரியவில்லை. பாதியிலேயே தூங்கிப்போனேன். அடுத்த அமாவாசைக்கு என்று மறுபடி மடித்து வைத்தேன்.

நாற்பது நாள் இப்படி ஓடியது. ஒரு மத்தியானம் வெற்றிலைக் கட்டு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்: "ஏனுங்க, இந்தப் பெர்லின் பட்டணத்துக்கு வழியெல்லாம் அடைச்சுப்புட்டாங்களாமே, அப்புறம் அந்தச் சனங்க சோத்துக்கு என்னங்க பண்றாங்க?"

எனக்குப் பெர்லின் அடைபட்டதே தெரியாது. "ஏதோ பண்றாங்க" என்றேன்.

அவள் கை நின்றது. "ஆகாச விமானத்துல கொண்டாந்து எறக்கறாங்களாம். நேத்துப் பேப்பர்லயே இருக்குதுங்க. நீங்க டிக் போட்டிருக்கறீங்க" என்றாள்.

குட்டு உடைந்த ஆத்திரத்தில் நான் ஆடிய ஆட்டத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. குதிர் அறைக்குப் போய் ஈரத் துணியால் சுவரைத் துடைத்தேன். என் எட்டுக் கட்டத்தோடு அப்பாவின் தண்ணீர் முறையும் பாதி அழிந்துபோனது. "உன்ற முறையும் வேண்டாம், நீயும் வேண்டாம், செவ்வாய்ப்பேட்டைக்கே போய்ச் சேரு" என்றேன். அப்பா ஓடிவந்து, "அட கெரகம் புடிச்சவனே, நாளன்னிக்கு மொறடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் எங்கும் போகவில்லை. முதலில் தண்ணீர் முறையை நினைவிலிருந்தே திரும்ப எழுதினாள். அதன் பிறகு என் எட்டுக் கட்டத்தைப் போட்டாள். மச்சிலிருந்த பேப்பர் முழுவதையும் இறக்கித் தன் பெட்டியடியில் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் பஸ் வந்ததும் அன்றைய பேப்பரை மட்டும் என் முன்னால் போட்டாள்.

"பழசையெல்லாம் படிச்சு முடிச்சுட்டுத்தான் இதைத் தொடுவேன்" என்று வீம்பாகச் சொன்னேன்.

"பழசு பக்கம் நீங்க போகவே வேண்டாம். அதுக்குள்ள போனீங்கன்னா புதுசும் பழசாயிரும். இன்னைக்குப் பேப்பரு இன்னைக்குப் படிங்க. அது போதும்" என்றாள்.

நான் அடங்கினேன். வேறு வழியும் இல்லை. ஆனிக் கடைசியிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆடியில் ஒரு நாள், பெண்களும் இனி இந்த உத்தியோகங்களுக்கு வரலாம் என்று அரசாங்கம் அறிவித்ததாகப் பேப்பரில் வந்தது. படித்துச் சொல்லிவிட்டு, "நீயும் எழுதறயா புள்ள?" என்று சிரித்தேன். "அதுக்குப் பட்டம் வேணுமுங்களே" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். அந்தச் சேதியையும் ஆட்சிமுறைப் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பரீட்சைக்கு மெட்ராஸ் கிளம்புவதற்கு ஐந்து வாரம் முன்னால் ஒரு நோட்டை என் கையில் கொடுத்தாள். திறந்து பார்த்தால் அந்த நாற்பது நாள் பேப்பர். கொடிக்கால் வேலையும் சமையலும் முடிந்த மத்தியானங்களில், என் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்திருக்கிறாள். தமிழில் எழுதி, பெயர்களை மட்டும் இங்கிலீஷில் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள். பாடவாரியாக, சேதிக்கு மூன்று வரி. இரண்டாவது வரியில் என் புத்தகங்களின் பக்க எண் சரியாக இருந்தது. நாற்பது நாள் மொத்தமும் பதினோரு பக்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அழுவாதீங்க, எழுத்து கலைஞ்சு போயிரும்" என்றாள்.

பரீட்சை எழுதினேன். பொது அறிவுத் தாளில் அவளுடைய பதினோரு பக்கத்திலிருந்தே மூன்று கேள்விக்குப் பதில் எழுதினேன். நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கடன் வாங்கிய கோட்டோடு போய் உட்கார்ந்தேன். நாலைந்து பெரிய மனிதர்கள். சரித்திரம் கேட்டார்கள், காவிரி கேட்டார்கள், சொன்னேன். கடைசியில் தலைவராக இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பேப்பரே ஒரு நாள் கழித்து வருகிற ஊரில் இருந்துகொண்டு எப்படி இவ்வளவு தயார் செய்தீர் என்று கேட்டார். எட்டு நாள் முறையைச் சொன்னேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொம்ப நல்ல ஏற்பாடாக இருக்கிறதே, இதை நீரே யோசித்ததா என்றார்.

"ஆமாம் சார், நானேதான்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. என் மனைவி போட்டது என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் என்ன படித்திருக்கிறாள் என்று அடுத்து கேட்பார்களே என்று ஒரு கணம் பயந்தேன். கடைசித் தடவை. அந்தப் பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு கேள்வி விடாமல் கேட்டாள். இதையும் சொன்னேன். வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் துடைத்த வெற்றிலையையே திரும்பத் துடைத்தாள். பிறகு, "அதுவுஞ் சரிதானுங்க. பொண்டாட்டி போட்டதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா மார்க்கைக் கொறைச்சிருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அப்பாடா என்று நானும் சிரித்தேன். மடையன்.

இன்கம்டாக்ஸில் வேலை கிடைத்தது. அப்பா ஊருக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தார். நாக்பூர், கல்கத்தா, பம்பாய் என்று முப்பது வருஷம். போன ஊரிலெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் என்னைத் தேடி வருவார்கள். எட்டுக் கட்டம் போட்டுக் காட்டுவேன். அடியில் பேப்பருக்கென்று நீளக் கட்டம் போடுவேன். "சார் முறை" என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. அவள் காபி கொண்டுவந்து வைப்பாள். கொஞ்ச நேரம் நின்று கேட்பாள். யாராவது பாடவாரியாக எழுதாமல் தேதிவாரியாக எழுதியிருந்தால் அவள் முகம் சுருங்கும், எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே போனேன்.

போன மார்கழியில் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, பரீட்சைக்குப் படிக்கிறவள், வசந்தாமணியைப் பார்க்க வந்தாள். என் மனைவி அப்போது படுக்கையோடு இருந்தாள். நான் பக்கத்து அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன், கதவு திறந்திருந்தது.

"அம்மா, சார் அந்தக் காலத்துல எப்படிங்கம்மா படிச்சாரு? யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று அந்தப் பெண் கேட்டது.

"யாருஞ் சொல்லிக் குடுக்கலீங் கண்ணு. அவரே முறை போட்டு, அவரே படிச்சாரு" என்றாள் வசந்தாமணி.

எழுந்து நாலு எட்டு வைத்தால் அந்த அறை. போய், இல்லை, இவள் போட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.